"சிவியைக் கொஞ்சம் நல்லா பண்ணித் தாங்க": எந்த வழி சரிப்படும்?

கீழக்கரைப் பையன் அனுப்பினால் 'காக்கா' என்று ஆரம்பிப்பான், மண்டபம் பக்கத்துப் பையன் என்றால் 'அண்ணே'. மற்றபடி வாட்ஸ்அப்பில் வரும் செய்தி ஒன்றுதான்: "என் சிவியைக் கொஞ்சம் நல்லா பண்ணித் தாங்க." கூடவே ஒரு பிடிஎஃப், `CV new final 2 (1).pdf` என்கிற மாதிரி ஒரு பெயரில். எந்த வேலைக்கு, எந்த நாட்டுக்கு, படிப்பு முடித்த கையோடு தேடுகிறானா இல்லை பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தேடுகிறானா, எதுவும் இருக்காது. துபாயில் ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் சிவி பார்ப்பவன் என்று பெயராகிவிட்டது.

இப்படி ஒன்று வந்தால் நாலு விதமாகக் கையாளலாம். ஒன்றும் கேட்காமல் இருப்பதை மெருகேற்றிக் கொடுத்துவிடலாம். எல்லா ஊருக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவாக ஒன்று செய்து தரலாம். நாமே ஊகித்து ஒரு வேலைக்கென்று செதுக்கலாம். இல்லையென்றால் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் கை வைக்கலாம், அதிலும் எதைக் கேட்பது என்பதில் இரண்டு விதம் இருக்கிறது. எல்லாவற்றையும் செய்து பார்த்தவன் நான், சறுக்கியும் இருக்கிறேன். சமீபத்தில் மண்டபத்திலிருந்து வந்த ஒரு சிவியை வைத்தே சொல்கிறேன், சும்மா பொதுவாகச் சொன்னால் புரியாது.

தம்பிக்கு 29 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். சிவி நாலு பக்கம். முதல் பக்கத்தில் நீலப் பின்னணியில் போட்டோ, அதற்குக் கீழே 'பெயர்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியில் சேர்ந்து என் திறமையை வளர்த்துக்கொள்வது என் லட்சியம்' என்று நம் ஊரில் யார் சிவியைத் திறந்தாலும் இருக்கிற அதே வாக்கியம் ஆங்கிலத்தில். அப்பா பெயர், மதம், உயரம், எடை. பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் அட்டவணை. சவுதியில் நாலு வருஷம் இருந்தது மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியாக வருகிறது: 'ஏசி பராமரிப்புப் பணிகளைக் கவனித்தேன்'. கடைசிப் பக்கத்தில் மேற்கண்டவை யாவும் உண்மை என்று ஒரு உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து.

முதல் வழிப்படி இதை என்ன செய்வார்கள்? ஆங்கிலத்தைத் திருத்துவார்கள், எழுத்தை ஒரே அளவாக்குவார்கள், 'கவனித்தேன்' என்ற இடத்தில் 'திறம்பட நிர்வகித்தேன்' என்று போடுவார்கள், பக்கத்தில் ஒரு கலர் பட்டை வைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும், கேட்டவனுக்கும் சந்தோஷம். ஊரில் கம்ப்யூட்டர் சென்டர்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, காசு கொடுப்பவன் கேட்பதே அதைத்தான்.

இதில் எனக்கு இரண்டு சங்கடம். கலர் பட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இரண்டு பத்தியாகப் பிரித்து, டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் விவரம் வைத்துச் செய்கிற அழகான சிவிக்களை, கம்பெனிகள் வைத்திருக்கும் ஏடிஎஸ் எனப்படும் விண்ணப்ப வடிகட்டி மென்பொருள் பல நேரம் வரிசை மாற்றிப் படித்துவிடும். உங்கள் கம்பெனிப் பெயர் ஒரு மூலையிலும் வேலை பார்த்த தேதி இன்னொரு மூலையிலுமாகப் போய் விழும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு: பிடிஎஃப்பைத் திறந்து முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசையாகப் படிக்க முடிந்தால் கவலையில்லை. வார்த்தைகள் கலைந்து கிடந்தால் அங்கேயும் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் சிவி வெறும் படம், ஸ்கேன் பண்ணிய தாள்.

இன்னொரு சங்கடம் இதைவிடப் பெரியது. இருப்பதைத்தான் மெருகேற்ற முடியும், இல்லாததை மெருகேற்ற முடியாது. தம்பியின் சிவியில் சவுதியிலிருந்து 2021 கடைசியில் வந்ததோடு கதை நின்றுவிட்டது. அதற்கப்புறம் மூன்று வருஷத்துக்கு மேல் வெற்றிடம். படிக்கிற ஆள் என்ன நினைப்பான்? உடம்பு சரியில்லையா, கேஸ் ஏதாவதா, சும்மா இருந்தானா? நான் துபாயில் சிவி பார்த்த காலத்தில் இப்படி ஒரு இடைவெளியைக் கண்டால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு ஒதுக்கிவைப்பேன், ஒதுக்கியதை மறுபடி எடுத்துப் பார்க்கிற அளவுக்கு ஆள் பற்றாக்குறை வந்தால்தான் எடுப்பேன். தம்பியிடம் கேட்டபோது சொன்னான்: "சும்மா இல்லண்ணே, ஐஸ் கம்பெனில இருக்கேன். ஊர் வேலைதானே, அதைப் போய் என்னத்த போடுறதுன்னு விட்டுட்டேன்." அந்த ஐஸ் கம்பெனிக்கு அப்புறம் வருகிறேன்.

இரண்டாவது வழி, ஊருக்கெல்லாம் ஒரே சிவி. 'எதுக்கு வேணும்னாலும் அனுப்பலாம்' என்கிற மாதிரி ஒன்று. கேட்கிறவர்கள் மனசில் இருப்பதும் அநேகமாக இதுதான். இது ஏன் நடக்காது என்றால், ஒரு நாட்டில் கேட்டு வாங்குகிற விவரத்தை இன்னொரு நாட்டில் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். வளைகுடாவுக்கு அனுப்புகிற சிவியில் போட்டோ, பிறந்த தேதி, எந்த நாட்டவர், கல்யாணம் ஆனவரா, பாஸ்போர்ட் எதுவரை செல்லும், இப்போது எந்த விசாவில் இருக்கிறார் என்பதெல்லாம் சாதாரணமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏஜென்ட் போன் போட்டுக் கேட்பார். அதே தாளை அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ அனுப்பினால் போட்டோவும் வயதும் மதமும் அங்கே இருக்கவே கூடாத விஷயங்கள். அதையெல்லாம் பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள் என்று நாளைக்கு யாரும் வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்பது அவர்கள் பயம். ஜெர்மனி நடுவில் நிற்கிறது. 2006இல் சம உரிமைச் சட்டம் வந்த பிறகு போட்டோ கட்டாயம் என்று கேட்கிற வழக்கம் போய்விட்டது, ஆனால் வைக்கிறவர்கள் இன்னமும் வைக்கிறார்கள்.

தாளின் அளவுகூட மாறும். நாம் ஏ4 என்று பழகியிருக்கிறோம், அமெரிக்காவிலும் கனடாவிலும் லெட்டர் அளவு, அது ஏ4ஐவிடக் கிட்டத்தட்ட 2 செ.மீ. குட்டை. நீங்கள் ஒரே பக்கத்தில் அடக்கிவைத்த சிவி அங்கே அச்செடுக்கும்போது கடைசி மூன்று வரி அடுத்த பக்கத்தில் போய்த் தனியாக உட்கார்ந்திருக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் 'எங்கும் அனுப்பலாம்' என்பது எவ்வளவு பொய் என்பதற்குச் சொல்கிறேன்.

அனுபவ விஷயத்திலும் இதே இழுபறிதான். பாலிடெக்னிக்கிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவனுக்குப் படிப்பும் பிராஜெக்ட்டும் இன்-பிளான்ட் டிரெய்னிங்கும்தான் சொத்து, அதை மேலே வைத்து ஒரு பக்கத்தில் முடிக்க வேண்டும். பத்து வருஷம் வேலை பார்த்தவன் அதே வரிசையில் எழுதினால் பத்தாம் வகுப்பு மார்க் மேலேயும் அவன் ஓட்டிய, பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கிற சில்லர் இயந்திரம் மூன்றாம் பக்கத்திலும் வந்து நிற்கும், தம்பிக்கு நடந்தது அதுதான். இருபது வருஷ ஃபோர்மேன் என்றால் கடைசிப் பத்து வருஷத்தை விரித்து எழுதி முந்தையதை நாலு வரியில் சுருக்கலாம், எத்தனை பேரைக் கட்டி மேய்த்தார் என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

பொதுச் சிவிக்கு ஒரே ஒரு உபயோகம் இருக்கிறது. யாருக்கும் அனுப்பாமல் நம்மிடமே வைத்துக்கொள்ளும் தாய்க் கோப்பாக அது நல்லது. அதில் ஐந்து பக்கம் ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிவைக்கலாம், ஒவ்வொரு முறையும் அதிலிருந்து வேண்டியதை வெட்டி எடுக்கலாம்.

மூன்றாவது, ஊகித்துச் செய்வது. அனுபவம் உள்ளவர்கள் விழுகிற குழி இது, நானும் விழுந்தேன். இரண்டு வருஷம் முன்னால் தொண்டியிலிருந்து ஒரு தங்கச்சி சிவி அனுப்பியிருந்தாள், வேதியியலில் முதுகலை முடித்து ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். ஆறு பக்கம். ஆறு பக்கச் சிவியைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. கம்பெனி லேபுக்குத்தான் போகப்போகிறாள் என்று நானே முடிவு செய்து, ஆய்வுக் கட்டுரைப் பட்டியல், கருத்தரங்கு, எடுத்த பாடங்களின் பெயர் எல்லாவற்றையும் வெட்டி இரண்டு பக்கமாக்கி, ரொம்பப் பெருமையாக அனுப்பினேன். அவள் விண்ணப்பிக்க இருந்தது வெளிநாட்டில் பிஎச்டிக்கு. அங்கே அந்தக் கட்டுரைப் பட்டியல்தான் சிவியே, பக்கக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை, முழுசாக இருக்க வேண்டும். "அண்ணே, இதுல என் பேப்பர் எல்லாம் எங்க போச்சு?" என்று பதில் வந்தபோது எனக்கு வெட்கமாகிப் போனது. நல்ல வேளை, பார்த்துக் கேட்டாள். பார்க்காமல் அனுப்பியிருந்தால் என் மெருகுதான் அவளைக் கெடுத்திருக்கும்.

ஊகத்தில் இன்னொரு ஆபத்து, தகுதியை ஏற்றி எழுதுவது. டிப்ளமோக்காரனுக்கு 'இன்ஜினியர்' என்று தலைப்புப் போட்டால் எடுப்பாக இருக்கும். சவுதியில் இன்ஜினியர் என்ற பெயரில் வேலை செய்ய அந்த நாட்டு இன்ஜினியர்கள் கவுன்சிலில் பதிவு வேண்டும், சான்றிதழைச் சரிபார்ப்பார்கள். ஏசி டெக்னீஷியன் விசாவுக்கோ இப்போது இந்தியாவிலேயே திறன் தேர்வு எழுதிச் செய்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் ஏஜென்சி நடத்துகிற டிரேட் டெஸ்ட் வேறு, செம்புக் குழாயைக் கையில் கொடுத்து பிரேஸிங் பண்ணச் சொல்வார்கள். சிவியில் ஏற்றிவைத்ததை அந்த ஐந்து நிமிஷத்தில் இறக்கிவிடுவார்கள்.

சரி, அப்படியானால் கேட்டுவிடலாமே. இதுதான் நாலாவது வழி, கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. தொண்டித் தங்கச்சி விஷயத்துக்கு அப்புறம் நான் பதினாலு கேள்வி எழுதி வைத்துக்கொண்டேன். எந்தப் பதவி, எந்த நாடு, எந்தத் துறை, மொத்த அனுபவம், எதிர்பார்க்கும் சம்பளம், எப்போது சேர முடியும் என்று வரிசையாக. சிவி வந்ததும் அதை அப்படியே அனுப்புவேன். மண்டபத்துத் தம்பிக்கும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. ஒன்பது நாள் கழித்து நானே கூப்பிட்டேன்.

"எந்த வேலைக்குடா பாக்குற?"

"எதுனாலும் பரவால்லண்ணே."

"எந்த நாட்டுக்கு?"

"வெளிநாடுதாண்ணே."

அவன் மழுப்பவில்லை. அவனுக்கே தெரியவில்லை, அதுதான் விஷயம். எந்த வேலை என்று கேட்டால் ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் கைவிட்டுப் போய்விடுமோ என்று ஒரு பயம் வேறு. பதினாலு கேள்வித் தாள் என்பது தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் உதவும், அப்படித் தெரிந்தவன் அநேகமாக முதல் செய்தியிலேயே சொல்லியிருப்பான்.

இப்போது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: "இன்னைக்கே அப்ளை பண்ணலாம்னு உனக்குத் தோணுன ஒரு வேலை விளம்பரத்தை அனுப்பு. படமா இருந்தாலும் பரவாயில்லை." இது யாருக்கும் சிரமமில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததை ஃபார்வர்டு பண்ணுகிற வேலைதான். அந்த ஒரு விளம்பரத்துக்குள் பதவியின் பெயர், நாடு, எத்தனை வருஷ அனுபவம் கேட்கிறார்கள், என்ன சான்றிதழ், எந்தெந்த இயந்திரப் பெயர்கள், எல்லாமே இருக்கும். ஆளே தன் வாயால் சொல்லத் தெரியாததை அவன் தேர்ந்தெடுத்த விளம்பரம் சொல்லிவிடும்.

தம்பி அரை மணி நேரத்தில் இரண்டு அனுப்பினான். ஒன்று சவுதியில் கட்டடப் பராமரிப்புக் கம்பெனி ஒன்றுக்கு எச்விஏசி டெக்னீஷியன், சென்னையில் நேர்முகம், வளைகுடா அனுபவம் குறைந்தது 3 வருஷம், சில்லரும் அதிலிருந்து குளிர்ந்த காற்றை அறைகளுக்கு அனுப்புகிற ஏஎச்யூ, எஃப்சியூவும் தெரிந்திருக்க வேண்டும், வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி தேவைப்படாத இசிஎன்ஆர் பாஸ்போர்ட். இன்னொன்று தூத்துக்குடியில் கடல் உணவு ஏற்றுமதி செய்கிற இடத்தில் குளிர்பதன ஆப்பரேட்டர், அம்மோனியா பிளான்ட் அனுபவம் கட்டாயம், ஷிஃப்ட் வேலை. 'வெளிநாடுதாண்ணே' என்றவன் தூத்துக்குடியையும் அனுப்பியிருந்தான் பாருங்கள். கேட்டேன். "வீட்ல புள்ளை சின்னப் புள்ளையா இருக்குண்ணே, பக்கத்துல கெடைச்சா நல்லாத்தானே" என்றான். பதினாலு கேள்வியில் இது வந்திருக்காது.

விளம்பரம் கையில் இருந்தால் போனில் எதைத் தோண்டுவது என்று தெரிந்துவிடும். சவுதியில் எங்கே ஏசி பார்த்தாய் என்றேன். ஒரு ஆஸ்பத்திரி என்றான். எத்தனை சில்லர்? மூன்று, ஒவ்வொன்றும் 250 டன். (இந்த டன் எடைக்கணக்கு கிடையாது, குளிரூட்டும் திறனின் கணக்கு. வீட்டு ஏசியில் ஒன்றரை டன் என்கிறோமே, அதே டன்தான்.) ஏஎச்யூ நாற்பது, அறைகளில் எஃப்சியூ முந்நூறுக்கு மேல். நாலு பேர் ஷிஃப்ட், மாதாந்திரப் பராமரிப்பு அட்டவணைப்படி ஃபில்டர், பெல்ட், காயில், அதுபோக அவசர அழைப்பு. 'ஏசி பராமரிப்புப் பணிகளைக் கவனித்தேன்' என்ற ஒரு வரிக்குள் இவ்வளவும் புதைந்து கிடந்தது. புது வரி இப்படி ஆனது, தமிழில் சொன்னால்: 'மருத்துவமனை ஒன்றில் 250 டன் சில்லர் மூன்று, ஏஎச்யூ 40, எஃப்சியூ 300க்கு மேல், நால்வர் குழுவில் மாதாந்திரப் பராமரிப்பும் இரவு நேரப் பழுது நீக்கமும்.' நிர்வகித்தேன், சாதித்தேன் என்று எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அந்த ஐஸ் கம்பெனி. நாளைக்கு 400 பார், ஒரு பார் 50 கிலோ, அதாவது 20 டன் ஐஸ். அம்மோனியா கம்ப்ரஸர் இரண்டு. உப்புநீர்த் தொட்டியின் வெப்பத்தை மைனஸ் எட்டு, பத்து டிகிரியில் பிடித்துவைக்க வேண்டும், ஏறினால் பார் கட்டாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸுக்கும் ஆள் வராது, அப்போதுதான் கம்ப்ரஸரைப் பிரித்து வால்வும் பிஸ்டன் ரிங்கும் மாற்றுவார்கள், கண்டென்சர் குழாயில் படிந்த சுண்ணாம்பை எடுப்பார்கள். தம்பி மூன்று தடைக்காலம் அந்த வேலையை முன்னின்று செய்திருக்கிறான். கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் இணைப்புகளில் காட்டி, எங்கே வெள்ளைப் புகை கிளம்புகிறதோ அங்கே அம்மோனியா கசிகிறது என்று கண்டுபிடிப்பதை அவன் போனில் சொன்ன விதத்திலேயே தெரிந்தது, இவன் கையால் செய்தவன். தூத்துக்குடி விளம்பரம் கேட்பது இதைத்தான், இவன் இதை 'ஊர் வேலை' என்று விட்டிருக்கிறான்.

இப்போது ஒரே ஆளுக்கு இரண்டு சிவி. எது எங்கே மாறியது என்று சொன்னால் வித்தியாசம் புரியும்.

சவுதிக்கானதில் தலைப்பு அவர்கள் விளம்பரத்தில் போட்ட அதே 'எச்விஏசி டெக்னீஷியன்'. அதற்குக் கீழே மூன்றே வரி: சவுதியில் 4 வருஷம், மருத்துவமனைச் சில்லர், இசிஎன்ஆர், பாஸ்போர்ட் எதுவரை செல்லும். இங்கே ஒரு சிக்கல் வந்தது. சிவி என்றால் கடைசியாகப் பார்த்த வேலை முதலில் வர வேண்டும், அப்படி வைத்தால் ஐஸ் கம்பெனி மேலே வந்து அவர்கள் தேடுகிற வளைகுடா அனுபவம் கீழே போய்விடும். அதனால் 'வளைகுடா அனுபவம்', 'இந்திய அனுபவம்' என்று இரண்டு தலைப்பாகப் பிரித்தேன், ஏஜென்சிகளுக்குப் பழகிய பிரிப்புதான் இது, யாரும் ஏமாற்று என்று நினைக்க மாட்டார்கள், தேதி இரண்டிலும் தெளிவாக இருக்கிறது. ஐஸ் கம்பெனி நாலு வரியில் இடைவெளியை அடைத்துவிட்டது. தடைக்காலப் பிரித்து மாட்டும் வேலையை 'வருடாந்திர ஓவர்ஹால்' என்று எழுதினேன், அங்கே இருப்பவனுக்கு மீன்பிடித் தடை புரியாது. போட்டோ இருந்தது, வயதும் இருந்தது. பாஸ்போர்ட் எண்ணை மட்டும் எடுத்துவிட்டேன். செலக்ட் ஆனால் நகலைக் கேட்டு வாங்குவார்கள், அதுவரை எந்தக் குரூப்பில் சுற்றும் என்று தெரியாத தாளில் அது எதற்கு?

தூத்துக்குடிக்கானதில் முழுக்கத் தலைகீழ். ஐஸ் கம்பெனி முதல் பக்கத்தின் பாதியைப் பிடித்துக்கொண்டது: எத்தனை டன், எத்தனை கம்ப்ரஸர், தொட்டி வெப்பம், ஷிஃப்ட், கசிவு பார்ப்பது, ஓவர்ஹால். 61 நாள் தடைக்காலம் என்றே எழுதினேன், கடல் உணவுக்காரனுக்கு அதைவிட நன்றாகப் புரிகிற கணக்கு கிடையாது. சவுதி ஐந்து வரியாகச் சுருங்கியது. இப்போதைய சம்பளம், எத்தனை நாள் நோட்டீஸ் என்று கடைசியில் இரண்டு வரி, நம் நாட்டில் முதல் போனிலேயே கேட்பது அதைத்தான். போட்டோ, பாஸ்போர்ட் விவரம் ஒன்றும் இல்லை. இரண்டுமே இரண்டு பக்கத்துக்குள்.

இரண்டிலும் போனது லட்சிய வாக்கியம், அப்பா பெயர், மதம், உயரம், எடை, பத்தாம் வகுப்பு அட்டவணை, கடைசிப் பக்க உறுதிமொழி. உறுதிமொழி இருந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, உள்ளூரில் சில இடங்களில் கேட்பார்கள்கூட, ஆனால் அது பிடிக்கிற இடத்தில் ஒரு சில்லர் உட்காரும்.

நேரக் கணக்குப் பார்த்தால், மெருகு வேலை ஒரு மணி நேரம், இது போன் பேச்சோடு சேர்த்து நாலு மணி நேரம் பிடித்தது. வருகிற எல்லோருக்கும் நாலு மணி நேரம் ஒதுக்க முடியாது, அதனால் விளம்பரம் அனுப்பாதவர்களுக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறேன். எந்த வேலை, எந்த நாடு என்று தெரியாமலேயே தப்பு என்று சொல்லக்கூடிய விஷயங்கள் சில உண்டு, அவற்றை மட்டும் திருத்தி அனுப்பிவிடுவேன். போன் எண்ணுக்கு முன்னால் +91 இல்லாதது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டாக ஆரம்பித்த மின்னஞ்சல் முகவரி. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் சிவியில் ஒரு மாதிரியும் பெயர், இனிஷியலை விரித்து எழுதுவதில் நம் ஆட்கள் படுகிற பாடு தனிக் கதை. வருஷம் மட்டும் போட்டு மாதம் போடாத தேதிகள், '2021 - 2022' என்றால் அது இரண்டு மாதமா இரண்டு வருஷமா என்று யாருக்குத் தெரியும்? நோட்பேடில் ஒட்டினால் கலைகிற வடிவம். விடுபட்ட வேலை. இதைத் தாண்டி போட்டோ, வயது, பக்க நீளம், படிப்பு மேலேயா கீழேயா, தலைப்பில் என்ன பதவி என்பதிலெல்லாம் விளம்பரம் வராமல் கை வைப்பதில்லை. 'மிச்சத்துக்கு ஒரு வேலை விளம்பரம் அனுப்பு' என்று கடைசியில் எழுதிவிடுவேன். பாதிப் பேர் அனுப்புகிறார்கள்.

உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால், இன்று சாயங்காலத்துக்குள் ஏஜென்ட் கேட்கிறார் என்கிற அவசரமாக இருந்தால் முதல் வழியே போதும், அதோடு விடுபட்ட வேலை ஏதும் உண்டா என்ற ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்கிற நிலையில் நீங்களே இருந்தால் சிவியோடு விளம்பரத்தையும் சேர்த்து அனுப்புங்கள், உங்கள் சிவியைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் ஒன்பது நாள் மிச்சமாகும்.

தம்பி இரண்டையும் அனுப்பிவிட்டான், இரண்டும் வெவ்வேறு கம்பெனிக்குப் போவதால் அதில் தப்பில்லை, தேதிகள் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தேன். நௌக்ரி வேலை தேடும் தளத்தில் எதை ஏற்றுவது என்று கேட்டான், அங்கே ஒரு ஆளுக்கு ஒரு சிவிதான் நிற்கும். தூத்துக்குடிக்கானதை ஏற்றச் சொன்னேன். சவுதிக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட்கள் எப்படியும் வாட்ஸ்அப்பில்தான் கேட்பார்கள்.